சொல்லிவிட்டுப் போனவன்

கோவிந்தப்பன் மறுபடி வேலைக்கு வந்த காலையில் அவரைக் கம்பெனி கேட்டில் கொண்டுவந்து இறக்கியவள் அவர் மனைவி சாந்தம்மா. உத்தனப்பள்ளியிலிருந்து சிப்காட் வரை ஸ்கூட்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். கருப்புக் கண்ணாடி, தேய்த்த சட்டை, கழுத்தில் பழைய அடையாள அட்டை. கையில் குச்சி இல்லை.

செக்யூரிட்டி எழுந்து வந்து சாந்தம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

"சாரு உள்ள தனியா போவாராம்மா? கையெழுத்து போடுவாரா?"

"என்னைக் கேளுடா" என்றார் கோவிந்தப்பன். "கண்ணுதான் போச்சு. காது நல்லாத்தான் கீது."

அதற்குள் இரவு ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பிறகு ஒருவன், யாரென்று சொல்லாமல், பின்னாலிருந்து அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்து, தள்ளுவண்டியைத் தள்ளுவதுபோல உள்ளே தள்ளிக்கொண்டு போனான். கோவிந்தப்பனின் கால் எதிலோ இடறியது. கைகளை முன்னால் நீட்டித் துழாவினார். இன்னொருவன் அவர் காதருகே வந்து, குரலை மாற்றி, "சார், நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றான்.

"மணியா?"

"இல்ல சார்."

"பிரகாஷா?"

சிரிப்பு கிளம்பியது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கன்னடத்தில் கத்தியது. "கண்ணு காணல்வேனோ?"

அந்த வார்த்தை கோவிந்தப்பனுடையது. தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசராக இருந்த வருஷங்களில், தகட்டை யாராவது கொஞ்சம் கோணலாக வைத்துவிட்டால், கண்ணு தெரியலையாடா என்று அதே வார்த்தையைச் சொல்லித்தான் பின்மண்டையில் தட்டுவார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். விசிலடிப்பார், இல்லை விரலைச் சொடுக்குவார். இப்போது சிரித்த எல்லோருக்கும் அந்த விசில் காதில் இருந்தது.

சாந்தம்மா கேட்டுக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்த்தாள். வீட்டில் வேண்டிய மட்டும் அழுதுவிட்டாள். இங்கே அழக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

தை மாதத்தில், தகடு கழுவும் இடத்தில் காஸ்டிக் சோடாக் கரைசல் வரும் குழாய் பிய்த்துக்கொண்டு அவர் முகத்தில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி அன்று அவர் தலைமேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. மதுரை வரை கொண்டுபோய்ப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் வெளிச்சம்கூட மிஞ்சவில்லை. வேலையில் இருக்கும்போது ஊனமானவரை வேலையைவிட்டு அனுப்ப முடியாது, சம்பளத்தையும் குறைக்க முடியாது என்று சட்டம் இருப்பதை, அவர் மச்சான் ஒரு வக்கீலை வைத்து எடுத்துச் சொன்ன பிறகுதான் கம்பெனி அவரைத் திரும்பக் கூப்பிட்டது. ஸ்டோர் ஆபீசில் ஒரு மேஜையும் போனும் கொடுத்தார்கள். எந்த ஷாப்புக்கு என்ன பொருள் வேண்டுமென்று போனில் கேட்டு ஸ்டோர் ஆளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவரைக் கேட்டிலிருந்து மேஜைக்கும், மேஜையிலிருந்து கேன்டீனுக்கும், கழிப்பறைக்கும் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். எச்.ஆர். மேனேஜர் ராஜேஷ்குமார் அதற்குத் தேர்ந்தெடுத்தது ஸ்டோரில் லேசான வேலையில் இருந்த சுரேந்தரை.

சுரேந்தர் ஏன் லேசான வேலையில் இருந்தான் என்பது கம்பெனிக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் பிரஸ் ஆபரேட்டர். கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் சென்சார் அடிக்கடி நிறுத்தி நிறுத்தி உற்பத்தியைக் கெடுக்கிறதென்று கோவிந்தப்பன் அதை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னார். அன்றைக்கே சுரேந்தரின் இடது கையில் இரண்டு விரல் போனது. விசாரணையில் கோவிந்தப்பன், பையன் தூங்கிக்கொண்டே ஓட்டினான் என்றார். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, ஷாப்பில் எல்லோர் முன்னாலும் அவனுக்குப் பெயர் வைத்தார். 'எட்டு.' எட்டு, இங்க வா. எட்டு, அந்தப் பெட்டியைத் தூக்கு.

இருவரும் ஒரே ஊர். சுரேந்தரின் அப்பா கோவிந்தப்பன் வீட்டு நிலத்தில் தக்காளி பறித்தவர். ஊரில் அந்த வீட்டு ஆட்கள் யாரும் இவன் வீட்டு ஆட்களின் கையைத் தொட்டுப் பேசியதில்லை.

"உனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்று ராஜேஷ்குமார் கேட்டார்.

"இல்ல சார்" என்றான் சுரேந்தர்.

அந்த வாரமே கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். பெயர் ஜோதிமணி. நாற்பது வயதிருக்கும். பிறவியிலேயே பார்வையில்லாதவர். பஸ்ஸில் தனியாக வந்து, ஆட்டோ பிடித்து, வெள்ளைக் குச்சியைத் தட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றார். ராஜேஷ்குமார் ஓடிப்போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஜோதிமணி அசையவில்லை.

"சார், நீங்க யாரு?"

"எச்.ஆர். மேனேஜர் மேடம். வாங்க, வாங்க."

"மொதல்ல பேரச் சொல்லுங்க. அப்புறம் உதவி வேணுமான்னு கேளுங்க. வேணும்னா நான் உங்களைப் பிடிச்சுக்கறேன். நீங்க என்னைப் பிடிச்சா, எங்க இழுத்துட்டுப் போறீங்கன்னே எனக்குத் தெரியாது. போலீஸ்காரன் திருடனைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆயிடும்."

ராஜேஷ்குமார் சிரித்துச் சமாளித்தார்.

பயிற்சி கான்பரன்ஸ் அறையில் தொடங்கி, வராந்தா, படிக்கட்டு, கேன்டீன் என்று போனது. ஜோதிமணியே கூட நடக்க, சுரேந்தர் அவரைக் கூட்டிப்போனான். பெயரைச் சொல்லி, தன் புறங்கையால் அவருடைய புறங்கையை லேசாகத் தொட்டான். அவர் அந்தக் கையைத் தடவிக்கொண்டே மேலே போய், அவன் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டார்.

"இப்ப நீங்க அரையடி முன்னால போங்க. நீங்க திரும்பறதும் நிக்கறதும் உங்க கை மூலமா எனக்கு வந்துடும். வேகம் என்னோட வேகம், உங்களோடது இல்ல."

படிக்கட்டு வந்தபோது சுரேந்தர் "மேடம், படி" என்றான்.

"ஏறறதா, இறங்கறதா?"

"இறங்கறது."

"அதை மொதல்லயே சொல்லணும். வெறும் 'படி'ன்னா நான் காலைத் தூக்கறதா, கீழ வைக்கறதா? விளிம்புல ஒரு நொடி நில்லுங்க. சொல்லுங்க. ஒரு படி நீங்க முன்னால. கடைசிப் படியில முடிஞ்சிடுச்சுன்னும் சொல்லணும்."

குறுகலான இடத்தில் கூட்டிப்போகிறவர் தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அப்போது கூட வருபவர் நேர் பின்னால் வந்துவிடுவார். நாற்காலிக்கு வந்தால் ஆளைப் பிடித்து அமுக்கி உட்கார வைக்கக் கூடாது. அவர் கையை நாற்காலியின் முதுகில் வைத்துவிட்டால் போதும், அவரே பார்த்து உட்கார்ந்துகொள்வார். 'அங்க', 'இங்க' என்று சொல்லக் கூடாது. வலது, இடது, முன்னால் என்று சொல்ல வேண்டும். சுரேந்தர் ஒன்றைக்கூட இரண்டாம் தடவை கேட்கவில்லை.

கடைசியில் ஜோதிமணி அறையின் நடுவில் நின்றுகொண்டு சொன்னார். "இது முக்கியம். விட்டுட்டுப் போறப்ப போறேன்னு சொல்லிட்டுப் போங்க. இல்லன்னா நாங்க காத்துகிட்ட பேசிட்டு இருப்போம். சொன்னா மட்டும் பத்தாது. செவுரோ, மேஜையோ, நாற்காலியோ, எதையாவது ஒண்ணு கைக்குக் குடுத்துட்டுப் போகணும். வெட்ட வெளியில வுட்டுட்டுப் போயிட்டா, எங்களுக்கு அங்க தரை மட்டும்தான் இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம்னுதான் தோணும்."

கோவிந்தப்பன் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஜோதிமணி அவர் பக்கம் திரும்பி, "சார், நீங்க குச்சி பழகிக்கங்க. ரெண்டு மாசம் போதும். யாரையும் எதிர்பார்க்க வேணாம்" என்றார்.

"குச்சியா? பஸ் ஸ்டாண்டுல பாட்டுப் பாடறவன் மாதிரி தட்டிட்டுப் போகச் சொல்றியாம்மா? நான் இங்க நூறு பேரை மேய்ச்சவன். அதான் இவன் இருக்கறானே."

ஜோதிமணி தன் குச்சியை விரித்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளிலிருந்து சுரேந்தர் கேட்டில் காத்திருந்தான். "சார், சுரேந்தர்" என்று சொல்லிப் புறங்கையைத் தொட்டு, வலது கையைக் கொடுத்தான். அவனோடு நடந்தபோது கோவிந்தப்பன் ஒரு முறைகூட இடறவில்லை. பின்னாலிருந்து தள்ள வந்தவர்களைச் சுரேந்தர் துரத்தினான். 'நான் யாருன்னு சொல்லுங்க' விளையாட்டுக்கு வந்தவனிடம், "பேரச் சொல்லு, இல்லன்னா போ" என்றான்.

ஷாப் ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. கேன்டீனில் பிரஸ் ஆபரேட்டர் கரியப்பன் அவனைப் பிடித்துக் கேட்டான்.

"ஏம்பா, உன் விரலைத் தின்னவனுக்குக் கைத்தடியா நிக்கறியே, உனக்கு ரோஷமே கெடயாதா?"

சுரேந்தர் தட்டைக் கழுவப் போனான். அவனுக்கே விளங்காத ஒன்று அதில் இருந்தது. ஒருகாலத்தில் அந்த மனிதர் ஷாப்புக்குள் நுழைந்தாலே அவன் தலையைக் குனிந்துகொள்வான். இப்போது அவன் நின்றால் அவர் நிற்கிறார், அவன் திரும்பினால் திரும்புகிறார். உத்தனப்பள்ளியில் தண்ணீர் கேட்டால் தூக்கி ஊற்றிய வீட்டின் கை தன் கையை விடாமல் பிடித்திருப்பது அவனுக்கு ஒரு மாதிரி இனித்தது. அந்த இனிப்புக்காகத்தான் அவ்வளவு ஒழுங்காகச் செய்கிறோமா என்று சில சமயம் யோசிப்பான்.

கோவிந்தப்பனுக்கு இது எதுவும் தெரியாது. இடறாமல் நடக்க நடக்க அவருக்குப் பழைய குரல் திரும்பியது. ஒரு மாதத்திற்குள் மேஜையில் உட்கார்ந்தபடி விரலைச் சொடுக்க ஆரம்பித்தார். "எட்டு! தண்ணி." "எட்டு, எங்கடா போய்த் தொலைஞ்ச? மூத்திரம் முட்டுது எனக்கு." ஸ்டோரில் இருந்தவர்கள் சுரேந்தரைப் பார்த்துச் சிரித்தார்கள். சுரேந்தர் வந்து, "சார், சுரேந்தர்" என்று சொல்லிப் புறங்கையைத் தொட்டான்.

ஆயுத பூஜை வந்தது. பூஜையன்று கம்பெனியில் மதியம்வரைதான் வேலை. எந்திரங்களைக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பாரம் தூக்கும் போர்க் லிப்ட் வண்டிக்கும் மாலை. ஒவ்வொரு பிரஸ்ஸுக்கு முன்னாலும் பூசணிக்காய் உடைத்து, குங்குமத்தில் பிசைந்த துண்டுகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்று சொல்லியிருந்ததால் சாந்தம்மாவும் வருவதாக இருந்தது.

முன்பெல்லாம் பிரஸ் ஷாப்பில் முதல் பூசணிக்காயை உடைப்பது கோவிந்தப்பன்தான். ஸ்டோரிலிருந்தே மேளச் சத்தம் கேட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எட்டு, என்னைப் பிரஸ் ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போ."

"பூஜை முடிஞ்சிடுச்சு சார். தரையெல்லாம் வழுக்கும்."

"கூட்டிட்டுப் போடான்னா."

சுரேந்தரின் வலது கையில் இருவருக்கும் கொடுத்த ஸ்வீட் பெட்டிகளும் பொரி மூட்டையும் இருந்தன. அதனால் அன்று முதல் தடவையாக இடது கையைக் கொடுத்தான். வழியெல்லாம் முறையாகச் சொல்லிக்கொண்டு போனான். வாசல்ல ஒரு படி ஏறணும் சார். வலப்பக்கம் வாழைமரம். இங்க ஈரம், மெதுவா.

ஷாப்புக்குள் நுழையும் இடத்தில் இரண்டு பக்கமும் தகட்டு அடுக்குகள். ஒருவர் மட்டும் போகக்கூடிய இடைவெளி. "குறுகலா இருக்கு சார்" என்று சொல்லிக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கோவிந்தப்பனின் பிடி நழுவி, கை வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. மணிக்கட்டைத் தாண்டி, விரல்கள் இல்லாத இடத்தில் போய் நின்றது. மொழுக்கென்றிருந்த அந்தத் தோலை அவர் ஒரு கணம் தடவிப் பார்த்தார். பிறகு கையை உதறினார்.

"சீ! இன்னாடா இது, பல்லி மாதிரி. இந்தக் கையையெல்லாம் எனக்குக் குடுக்காத. அருவருப்பா கீது."

சுரேந்தர் நின்றான்.

"அந்தக் கையைக் குடு" என்றார் கோவிந்தப்பன். பூஜை நாளின் உற்சாகம் அவருக்கு இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கே மொத்தமா போயிருக்கணும். ரெண்டு போயும் உன்னை எங்க தலையில கட்டிட்டாங்க."

சுரேந்தர் ஸ்வீட் பெட்டிகளையும் பொரியையும் தகட்டு அடுக்கின் மேல் வைத்தான். வலது கையைக் கொடுத்தான். கோவிந்தப்பன் பிடித்துக்கொண்டார். இருவரும் ஷாப்புக்குள் போனார்கள்.

ஷாப்பின் நடுவே போர்க் லிப்ட் போகும் அகலமான பாதை. இரு பக்கமும் பிரஸ்கள் தள்ளித் தள்ளி நின்றன. ஆட்கள் அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு பொரி தின்று கொண்டிருந்தார்கள். சுரேந்தர் அவரைப் பாதையின் நட்டநடுவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். சுவரோ, எந்திரமோ, தூணோ, எதுவும் கைக்கு எட்டாத இடம் அது.

தன் புறங்கையால் அவர் புறங்கையைத் தொட்டான்.

"சார், நான் சுரேந்தர். நான் போறேன்."

முழங்கையை உருவிக்கொண்டு நடந்தான்.

"எங்கடா போற? ஏய், எட்டு! என்னை எங்க நிறுத்தியிருக்க?"

பொரி தின்றவர்களின் வாய் நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். சுரேந்தர் ஒரு பிரஸ்ஸின் அருகே போய்க் கரியப்பன் பக்கத்தில் நின்றுகொண்டான். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. ஆனாலும் ஷாப் முழுவதும் சத்தமே இல்லாமல் போனது.

கோவிந்தப்பன் விசிலடித்தார். விரலைச் சொடுக்கினார். பிறகு பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். "கரியப்பா. டேய் கரியப்பா, நீ இங்கதான் இருப்ப." கரியப்பன் அவருக்குச் சில அடி தூரத்தில்தான் இருந்தான். கையில் இருந்த பொரியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றான். "மணி! பிரகாஷ்! யார்ரா இருக்கீங்க?" மணியும் இருந்தான், பிரகாஷும் இருந்தான். மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று மணி வாயைப் பொத்திக்கொண்டான். ஒருவன் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினான்.

கோவிந்தப்பன் கைகளை நீட்டிக்கொண்டு அரைவட்டமாகத் திரும்பினார். எதுவும் தட்டுப்படவில்லை. ஒரு காலை முன்னால் வைத்தார். செருப்புக்கடியில் பூசணித் துண்டு வழுக்கியது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எந்தப் பக்கம் வாசல் என்று அவருக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்கில் அவர் ராஜ்ஜியம் செய்த இடம் அது. கண்ணை மூடிக்கொண்டே நடப்பேன் என்று பெருமையடித்திருக்கிறார்.

போர்க் லிப்டில் உட்கார்ந்திருந்த ஒருவன் சாவியைத் திருப்பி ரிவர்ஸில் போட்டான். வண்டி நகரவில்லை. ஆனால் பின்னால் வரும்போது அடிக்கும் பீப் சத்தம் கிளம்பியது. அந்தச் சத்தம் கோவிந்தப்பனின் பின்னாலிருந்து வந்தது.

அவர் அலறினார். கன்னடத்தில் அம்மாவைக் கூப்பிட்டார். ஓடுவதற்காகத் திரும்பி இரண்டு அடி வைத்து, வழுக்கி, முழங்காலில் விழுந்தார். கருப்புக் கண்ணாடி தெறித்துப் போனது. வெந்துபோன அந்தக் கண்களை ஷாப் அன்றைக்குத்தான் பார்த்தது. பால் திரிந்ததுபோல வெளுத்திருந்தன. சிரித்துக்கொண்டிருந்த ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பீப் சத்தம் நின்றது.

கோவிந்தப்பன் நான்கு காலில் தவழத் தொடங்கினார். உள்ளங்கையெல்லாம் குங்குமச் சிவப்பு. தவழ்ந்து தவழ்ந்து தகட்டு அடுக்கின் முனையில் நெற்றியை இடித்துக்கொண்டார். ரத்தம் மூக்கின்மேல் இறங்கியது. அதற்குமேல் போகத் துணிவில்லாமல் அங்கேயே குந்தி உட்கார்ந்தார். பேண்ட்டின் முன்பக்கம் நனைந்து, தரையில் பரவியது.

"சுரேந்தர்" என்றார். "சுரேந்தர், தம்பி. இருக்கியா? இருந்தா ஒரு வார்த்தை சொல்லுப்பா."

கரியப்பன் சுரேந்தரின் முகத்தைப் பார்த்தான். போதும்ப்பா என்று மெல்லச் சொன்னான். சுரேந்தருக்கும் அது காதில் விழுந்தது. போதும் என்றுதான் அவனுக்கும் தோன்றியது. ஆனால் அவன் கால் எழவில்லை. அந்தக் குரல் தன் பெயரை இன்னும் ஒரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தான். சொன்னது. அதற்குப் பிறகும் ஒரு தடவைக்காகக் காத்திருந்தான்.

அப்போதுதான் சாந்தம்மா வந்தாள். பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, ஸ்டோரில் தேடிவிட்டு இங்கே வந்திருந்தாள். தரையில் குந்தியிருந்த புருஷனைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டாள். அவர் பயந்து கையை வீசினார். அடி அவள் கன்னத்தில் விழுந்தது.

"நான்தாங்க. சாந்தம்மா. நான்தான்."

சேலை முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து எல்லோரையும் கேட்டாள். "இத்தினி பேரு நின்னு பாத்துட்டுத்தான் இருந்தீங்களா? யாரு இவரை இங்க வுட்டுட்டுப் போனது?"

கோவிந்தப்பன் அவள் கையை இறுக்கினார்.

"யாருமில்ல. நானாத்தான் வந்தேன். வழி தெரியும்னு வந்துட்டேன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று சுரேந்தருக்குப் புரியவில்லை. தரையில் கிடந்த கருப்புக் கண்ணாடியைக் கரியப்பன் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். சாந்தம்மா வாங்கிக்கொண்டாள், அவனைப் பார்க்கவில்லை.

வீடியோ கம்பெனி குரூப்பில் சுற்றியது. ராஜேஷ்குமார் சுரேந்தரைக் கூப்பிட்டார்.

"என்ன பண்ண நீ?"

"சொல்லிட்டுத்தான் சார் போனேன்."

"பூஜை நாள், விளையாட்டா பண்ணிட்டீங்க, விடு. வெளிய போகக் கூடாது இந்த விஷயம். உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்துடறேன்."

அதன் பிறகு ஸ்டோரில் யார் கை ஒழிகிறதோ அவர்கள் கோவிந்தப்பனைக் கூட்டிப்போனார்கள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். படி வந்த பிறகு, "படி, படி!" என்று கத்தினார்கள். கேன்டீனில் தோளை அமுக்கி உட்கார வைத்ததில் ஒரு தடவை நாற்காலி தவறித் தரையில் உட்கார்ந்தார். கழிப்பறைக்கு வெளியே நிற்கிறேன் என்று சொன்னவன் போய்விட, உள்ளேயே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர்களில் யாருக்கும் அவர்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை.

ஜோதிமணி மறுபடி பார்வையிட வந்தபோது பத்து நிமிஷம் கோவிந்தப்பனோடு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டுக்குப் போகும்போது சுரேந்தரைக் கூப்பிடச் சொன்னார். அவன் வந்து, "மேடம், சுரேந்தர்" என்று புறங்கையைத் தொட்டான். அவர் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார்.

"அவரு எதுவும் சொல்லல" என்றார். "வேற ஒருத்தர் சொன்னாங்க."

"நீங்க சொன்ன மாதிரி சொல்லிட்டுத்தான் மேடம் போனேன்."

"ஆமா. நல்லாக் கத்துக்கிட்டீங்க. எது இருந்தா நாங்க நிப்போம்னு நான் சொன்னேன். எது இல்லன்னா விழுவோம்னு நீங்க அதுலயே தெரிஞ்சுகிட்டீங்க."

சுரேந்தர் விரல் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தான். அவர் குறுக்கிட்டார்.

"தெரியும். அவரு நல்லவருன்னு நான் சொல்ல வரல. என்னையும் இப்படி வுட்டுட்டுப் போயிருக்காங்க. ஸ்கூல்ல, பஸ் ஸ்டாண்டுல, ஒரு தடவை நடு ரோட்டுல. அவங்களுக்கெல்லாம் நான் எந்தக் கெடுதலும் பண்ணல. சும்மா, என்ன பண்றான்னு பாக்கலாம்னு. நின்னுட்டு இருக்கறப்ப, வுட்டுட்டுப் போனவனுக்கு நியாயம் இருந்துச்சா இல்லையான்னு எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

பிடித்திருந்த கையை எடுத்தார். குச்சியை விரித்தார்.

"இங்கேர்ந்து நான் போய்க்குவேன்."

"கேட் இன்னும் வரல மேடம்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, லாரிகள் திரும்பும் பாதையின் ஓரச் சுவரைத் தட்டிக்கொண்டு போனார். சுரேந்தர் அவர் மறையும்வரை நின்றான். கூப்பிட்டால் போகலாம் என்று நினைத்தான். அவர் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் ராஜேஷ்குமார் அவனை மறுபடி கூப்பிட்டார். முகத்தில் ஒரு குழப்பம்.

"கோவிந்தப்பன் உன்னைத்தான் கேக்கறாரு. மத்தவங்க வேணாம்னு சொல்றாரு. எனக்கே புரியல. நீ போறியா?"

சுரேந்தர் மதியம் ஸ்டோர் ஆபீசுக்குப் போனான். கோவிந்தப்பன் மேஜையின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. முழங்கையில் புதுச் சிராய்ப்பு.

"சார், சுரேந்தர்."

அவர் எழுந்தார். "உன்கூட வந்தா விழறதில்ல" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரில் ஒருவராவது சொல்வார் என்று சுரேந்தர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். அது யாராக இருக்கும் என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

வலது கையைக் கொடுத்தான். கோவிந்தப்பன் முழங்கைக்கு மேலே பிடித்தார். பிறகு இன்னொரு கையையும் கொண்டுவந்து அதே இடத்தில் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. அப்படிப் பிடித்தால் நடக்க முடியாது, இருவரும் இடித்துக்கொள்வார்கள். சுரேந்தர் சொல்லவில்லை.

ஸ்டோரிலிருந்து கேன்டீனுக்கு இறங்கும் படிக்கட்டில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் இருந்தது. விளிம்பில் நின்றான்.

"இறங்கற படி சார்."

ஒரு படி இறங்கி நின்றான். கோவிந்தப்பன் இறங்கவில்லை. மேல் படியிலேயே நின்று, ஷூவின் முனையை மெல்ல முன்னால் நகர்த்தி, விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கீழே தரை இருக்கிறதா என்று காலைத் தொங்கவிட்டுத் துழாவினார்.

"படிதான் சார். இருக்குது."

"ம்" என்றார். காலை எடுக்கவில்லை. பின்னால் தட்டோடு நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். யாரோ சீக்கிரம் போங்கப்பா என்றார்கள். கோவிந்தப்பன் ஒவ்வொரு படியையும் அப்படியே தேய்த்துப் பார்த்து இறங்கினார். ஒவ்வொரு படியிலும் சுரேந்தர் சொன்னான். சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. அவன் கையையும் விடவில்லை.